குறூப் அரட்டையைச் சுருக்கி எழுதுவது எப்படி?

சாதாரண தரத்தில் நாம் பழகிய சுருக்கம் எழுதுதலில் ஒரு பந்தி தரப்படும். அதை மூன்றிலொரு பங்காக்க வேண்டும். பந்தியை எழுதியவர் ஒருவர். அவர் ஒரு கருத்தைத் தொடங்கி, வளர்த்து, முடித்திருப்பார். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்துக்கொண்டு போனால் விடை சரியாக வந்துவிடும்.

வட்ஸ்அப் குறூப்பில் நடக்கும் பேச்சுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே இருபது பேர் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். ஒருத்தி கேட்ட கேள்விக்கு விடை பத்து மெசேஜ் தள்ளி வரலாம், வராமலே போகலாம். மூன்றிலொரு பங்கு என்று குறைத்தால் பகிடிகளும் மூன்றிலொரு பங்கு மிஞ்சும், முக்கியமான கேள்வியும் மூன்றிலொரு பங்காகத் தேய்ந்துவிடும். சில இடத்தில் இருபத்தாறு மெசேஜுக்கு ஒரு சொல்லும் எழுதத் தேவையில்லை. வேறொரு இடத்தில் ஒற்றை வரியை ஒரு சொல்லும் குறையாமல் எடுத்து வைக்கவேண்டும்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். புவியியல் பாடத்துக்கு மட்டக்களப்பு வாவியில் ஒரு களப்பயணம். கல்லடியில் ஓரிடத்திலும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குக் கிட்டவுள்ள பாலமீன்மடுவில் ஓரிடத்திலும் நீர் எடுத்து உப்புத்தன்மையை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. வகுப்பில் 22 பேர். குறூப்பில் இல்லாத பெற்றோருக்கும் விளங்கும்படி பேச்சைச் சுருக்கித் தரும்படி கேட்டு, ஒன்பது ஸ்கிரீன்ஷொட்கள் என் கைக்கு வந்தன. பெயர்களை எடுத்துவிட்டேன். தேவையான வரிகள் இவை:

புதன் 8.14 டீச்சர்: பிள்ளைகள், களப்பயணம் சனிக்கிழமை வைப்பம். கல்லடிப் பாலத்தடியிலயும் பாலமீன்மடுவிலயும் தண்ணி எடுக்கிற. அதிபரிட்ட நாளைக்கு கேட்டுச் சொல்றன்.
8.21 ஒரு மாணவி: லேப்பில இருந்து நீரமானி நான் கேக்கிறன்.
8.25 காசு சேர்ப்பவள்: பஸ் 12,000 சொல்றாங்க. வாறவங்க பேரப் போடுங்க.
8.33 கடைசி வாங்கு மாணவி: வாப்பா கட்டார்ல. கடிதத்துல உம்மா சைன் வெச்சா போதுமா?
8.34 வேறொருத்தி: சாப்பாட்டுக்கு என்ன செய்ற?
8.41 ஒருத்தி: டீச்சர் தோணியில போவமா?
8.58 டீச்சர்: தோணிக் கதை இப்ப வேணாம். முதல்ல அனுமதி வரட்டும்.
9.07 (அழிக்கப்பட்ட மெசேஜ்)
9.08 ஒருத்தி: ஓம் அதுதான் சரி.
9.20 தலைவி: 6.30க்கு வெளிக்கிடுவம், ஓகேதானே? (ஒன்பது பெருவிரல்)
9.26 காசு சேர்ப்பவள்: 20 பேர். ஆளுக்கு 600. வெள்ளிக்குள்ள தாங்க.
9.40 கடைசி வாங்கு மாணவி: சைன் விசயம் யாராச்சும் சொல்லுங்ககா.
9.41 ஒரு பூனை ஸ்டிக்கர்.
10.05 டீச்சர்: 7 மணிக்கு முன்னுக்கு ஒருத்தரும் கேட்டடிக்கு வரவேணாம்.
10.06 டீச்சர்: (குரற்பதிவு, 52 செக்கன்)
வியாழன் 6.38 தலைவி: டீச்சர் சொன்ன மாதிரியே செய்வம்.

சாப்பாட்டுக் கேள்விக்குப் பிறகு கொடுவா மீன் பொரியலா, இறால் கறியா என்று இருபத்தாறு மெசேஜ்கள் ஓடின. சிரித்துச் சிரித்து வாசித்தேன். சுருக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை.

வாசிக்கத் தொடங்குவதற்கு முன் படங்களை ஒழுங்குபடுத்த வேண்டும். ஒரு ஸ்கிரீன்ஷொட்டின் கடைசி மெசேஜ் அடுத்த ஸ்கிரீன்ஷொட்டின் தலையில் மறுபடியும் தெரிந்தால்தான் இரண்டும் பொருந்துகின்றன என்று நம்பலாம். இங்கே ஐந்தாவது படம் 8.58 மணி மெசேஜோடு முடிகிறது. ஆறாவது படம் 9.07இல் தொடங்குகிறது. இரண்டுக்கும் பொதுவான வரி எதுவுமில்லை. ஒன்பது நிமிடம் யாரும் எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு பேருள்ள குறூப்பில், அதுவும் இரவு ஒன்பது மணிக்கு, அப்படி நடப்பது அரிது. படம் அனுப்பியவளிடம் கேட்டதும் விடுபட்ட பத்தாவது படம் வந்தது. அதில் மூன்று மெசேஜ்கள். ஒருத்தி வீட்டுக் காரணம் சொல்லி, தான் வரமுடியாது என்று எழுதியிருந்தாள். இந்த மூன்றையும் சேர்த்து மொத்தம் 74 மெசேஜ்கள்.

அடுத்து, படம் யாருடைய போனில் எடுக்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். வலப்பக்கத்தில் பச்சை நிறத்தில் இருக்கும் மெசேஜ்களுக்கு மேலே பெயர் இருக்காது. அவை போனுக்குச் சொந்தக்காரி எழுதியவை. நமக்கு வந்த படங்கள் காசு சேர்ப்பவளின் போனிலிருந்து வந்தவை. “20 பேர், ஆளுக்கு 600” என்ற வரி வலப்பக்கத்தில் பெயரில்லாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். இது தெரியாத ஒருவர் அந்த வரியை டீச்சர் சொன்னதாக எழுதிவிடக்கூடும். இடப்பக்கப் பெயர்களும் அந்தப் போனில் சேமித்த பெயர்கள்தான். ஒரே ஆள் ஒரு போனில் “ராத்தா” என்றும் இன்னொரு போனில் முழுப் பெயரோடும் தெரிவாள். இரண்டு பேரின் போன்களிலிருந்து படங்கள் கலந்து வந்தால் ஆட்களை முதலில் ஒன்றுசேர்த்துக்கொள்ள வேண்டும்.

திகதியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். படத்தின் நடுவில் `Yesterday`, `Today` என்று வரும் சொற்கள் படம் எடுத்த நாளிலிருந்து எண்ணப்படுபவை, நாம் வாசிக்கும் நாளிலிருந்து அல்ல. டீச்சர் புதன் இரவு “நாளைக்கு கேட்டுச் சொல்றன்” என்றால் அது வியாழன். சுருக்கத்தில் நேற்று, நாளை என்ற சொற்களையே எழுதாமல் கிழமையை எழுதுவது நல்லது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. `nalukku` என்று வந்தால் அது நாளைக்கா, நாலு மணிக்கா என்று முன்பின் வரிகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இனி முடிவுகள். எதை முடிவு என்று எழுதலாம்? நான் மூன்று விடயங்களைப் பார்க்கிறேன். சொன்னவருக்கு அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு இருக்கிறதா, பிறகு யாராவது அதை மாற்றினார்களா, அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் அந்தக் காரியத்தைச் செய்துவிட முடியுமா என்பவை அவை.

6.30 மணியை எடுத்துப் பாருங்கள். தலைவி கேட்டாள், ஒன்பது பெருவிரல்கள் விழுந்தன. எண்ணிக்கையைப் பார்த்தால் முடிவுபோலத் தெரியும். ஆனால் பெருவிரல் “சம்மதம்” என்றும் இருக்கலாம், “பார்த்துவிட்டேன்” என்றும் இருக்கலாம். அதைவிட முக்கியமானது, முக்கால் மணித்தியாலம் கழித்து டீச்சர் ஏழு மணிக்கு முன் யாரும் வரவேண்டாம் என்று எழுதிவிட்டார். ஆகவே 6.30 செல்லாது. அதற்காக “ஏழு மணிக்குப் பயணம்” என்று எழுதுவதும் பிழை. கேட்டடிக்கு எப்போது வரலாம் என்பதை மட்டுமே டீச்சர் சொன்னார். பஸ் எத்தனைக்கு வெளிக்கிடும் என்பதை அந்த வரி சொல்லவில்லை.

அதை 10.06க்கு வந்த குரற்பதிவு சொல்லியிருக்கலாம். ஸ்கிரீன்ஷொட்டில் குரல் வராது, 52 செக்கன் என்ற நீளம் மட்டும் தெரியும். முந்திய வரியிலிருந்து ஊகித்து எழுதாமல், “டீச்சரின் குரற்பதிவு 10.06, கேட்கவேண்டும்” என்று குறித்துவைத்து, குறூப்பில் இருக்கும் ஒருவரிடம் கேட்க வேண்டும். கேட்டபோது, பஸ் 7.15க்கு வெளிக்கிடும் என்றும் பிந்தி வருபவர்களுக்காக நிற்காது என்றும் அதில் இருந்தது. பெற்றோருக்கு இதைவிடத் தேவையான தகவல் அந்த 74 மெசேஜில் வேறில்லை; அது எழுத்தில் எங்குமே இல்லை.

சனிக்கிழமை என்பது முடிவுதான், ஆனால் நிபந்தனையோடு. டீச்சர் “வைப்பம்” என்றார், அதே மூச்சில் “அதிபரிட்ட கேட்டுச் சொல்றன்” என்றார். அதனால் நாளையும் நிபந்தனையையும் ஒரே வரியில் எழுத வேண்டும். நிபந்தனையை வேறிடத்தில் எழுதினால் அவசரமாக வாசிப்பவர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்.

தோணி விடயம் மிக எளிதாகப் பிழைத்துப்போகக்கூடியது. “தோணிக் கதை இப்ப வேணாம்” என்பதைத் “தோணியில் போவதில்லை” என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். டீச்சர் பேச்சைத்தான் தள்ளிவைத்தார், தோணியை மறுக்கவில்லை. தண்ணீரில் இறங்கும் காரியம் என்பதால் ஒரு உம்மா முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். இல்லை என்று எழுதி, பிறகு தோணி வந்துவிட்டால், கையொப்பமிட்ட பெற்றோர் ஏமாற்றப்பட்டவர்கள் ஆவார்கள்.

“பார்ப்பம்”, “கேட்டுச் சொல்றன்” என்பவை எல்லாம் இந்த வகையே. “இன்ஷா அல்லாஹ்” என்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் கேட்டபோது “இன்ஷா அல்லாஹ் வாறன்” என்று எழுதியவர்களை வருபவர்களாக எண்ணலாம், ஏனென்றால் வினைச்சொல் கூடவே இருக்கிறது. “காசு எப்ப தருவா?” என்றதற்கு “இன்ஷா அல்லாஹ்” என்று மட்டும் எழுதியிருந்தால் நாளும் இல்லை, தொகையும் இல்லை, அதைத் திறந்த கேள்வியாகத்தான் வைக்க வேண்டும்.

9.07இல் ஒரு மெசேஜ் அழிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஒருத்தி “ஓம் அதுதான் சரி” என்கிறாள். “அது” எது என்று நமக்குத் தெரியாது. நேரத்தைப் பற்றியதாக இருக்கும், காசைப் பற்றியதாக இருக்கும் என்று நாம் நிரப்பக்கூடாது. எழுதியவர் எதையோ திரும்ப எடுத்துக்கொண்டார். அதை நாம் தோண்டி எடுக்கவும் தேவையில்லை. சம்மதம் சொன்ன வரியையும் சேர்த்தே விட்டுவிடலாம்.

விடை கிடைக்காத கேள்விகளைத் தேடுவதுதான் கூடுதல் பொறுமை வேண்டும் வேலை. நான் செய்வது இது: முதலில் கேள்விகளை மட்டும் ஒரு கடதாசியில் நேரத்தோடு எழுதுகிறேன். கேள்விக்குறி போட்டவை மட்டுமல்ல. “யாராச்சும் சொல்லுங்ககா” என்பதும் கேள்விதான். பிறகு ஒவ்வொன்றுக்கும் கீழ்நோக்கி வாசித்து விடை தேடி, கிடைத்தால் விடையின் நேரத்தைப் பக்கத்தில் எழுதுகிறேன். பக்கம் வெறுமையாக நிற்பவை விடை கிடைக்காதவை.

இப்படி எழுதியபோது ஒரே கேள்வி இரண்டு தரம் வந்திருந்தது தெரிந்தது. கடைசி வாங்கு மாணவி 8.33க்குக் கேட்டாள், ஒரு நிமிடத்தில் சாப்பாட்டுக் கேள்வி வந்து அதை மேலே தள்ளிவிட்டது. 9.40க்கு மறுபடி கேட்டாள். ஒரு பூனை ஸ்டிக்கர் வந்தது. அதன்பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்டிருந்தால் அதைப் பட்டியலின் மேலே வைக்கவேண்டும் என்பது என் எண்ணம். நம்முடைய பக்கங்களில் வாப்பாமார் வெளிநாட்டில் உழைக்கும் வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். கையொப்பமிட யாரும் இல்லாமல் கடிதம் பையிலேயே கிடந்தால் அந்தப் பிள்ளை சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பாள்.

இதற்கும் காசுக் கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டால்தான் காணலாம். வகுப்பில் 22 பேர். ஒருத்தி வரவில்லை என்று விடுபட்ட படத்தில் சொல்லிவிட்டாள். மிச்சம் 21. ஆனால் காசு சேர்ப்பவள் 20 என்கிறாள். 12,000ஐ 20ஆல் பிரித்தால் சரியாக 600. அந்த இருபத்தோராவது ஆள் யார்? பெயர் போட்டவர்களை எண்ணினேன். கையொப்பம் பற்றிக் கேட்டவள் பெயர் போடவில்லை. விடை தெரியாமல் எப்படிப் போடுவாள்? யாரும் அவளை விலக்கவில்லை. பதில் வராததால் கணக்கு தானாகவே அவளை விட்டுவிட்டது. “20 பேர், ஆளுக்கு 600” என்பதை முடிவு என்று எழுதியிருந்தால் அதை நானும் உறுதிப்படுத்தியிருப்பேன். பஸ் வாடகையும் “சொல்றாங்க” என்ற அளவில்தான் நிற்கிறது. பேசி முடித்ததாக எந்த வரியும் இல்லை.

யாரும் கேட்காத கேள்வி ஒன்றும் எனக்குப் பட்டது. “கல்லடிப் பாலத்தடியில” என்றால் எந்தப் பாலம்? அங்கே இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: 1924இல் திறந்த பழைய லேடி மன்னிங் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும். காத்தான்குடிப் பக்கமிருந்து வந்தால் பாலத்துக்கு இந்தக் கரையா, தாண்டி நகரப் பக்கத்துக் கரையா என்பதும் தெரியவில்லை. பிள்ளையை நேரே அங்கே கொண்டுவந்து விட நினைக்கும் பெற்றோருக்கு இது தேவை. ஆனால் இது குறூப்பில் வந்த கேள்வியல்ல, சுருக்கியவளின் கேள்வி. அதனால் தனியே பெயரிட்டு எழுத வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு பேசாத ஒன்றைப் பேசியதாக ஆகிவிடும்.

வரவில்லை என்று சொன்னவளின் வீட்டுக் காரணத்தை நான் எழுதவில்லை. அவள் அதைத் தோழிகளுக்குச் சொன்னாள். இந்தத் தாள் எல்லா வீட்டுக்கும் போகும். எண்ணிக்கை மட்டும் போதும். கட்டார் என்ற சொல்லையும் அதே காரணத்துக்காக எடுத்துவிட்டு, கேள்வியை எல்லோருக்கும் பொருந்துமாறு எழுதினேன்.

இப்படி எழுதிய சுருக்கம் இது:

தரம் 12 புவியியல் களப்பயணம். குறூப் பேச்சு, புதன் இரவு 8.14 முதல் வியாழன் காலை 6.40 வரை. அழிக்கப்பட்ட மெசேஜ் ஒன்று. அது இதில் சேரவில்லை.

முடிவானவை
சனிக்கிழமை பயணம், அதிபர் அனுமதி தந்தால் மட்டும் (டீச்சர்).
கல்லடியிலும் பாலமீன்மடுவிலும் நீர் எடுத்து உப்புத்தன்மையை ஒப்பிடுதல் (டீச்சர்).
காலை 7க்கு முன் யாரும் பாடசாலை கேட்டடிக்கு வரக்கூடாது. பஸ் 7.15க்கு வெளிக்கிடும், பிந்துபவர்களுக்காக நிற்காது (டீச்சர், குரற்பதிவு). முன்பு பேசிய 6.30 செல்லாது.
ஆய்வுகூடத்தில் நீரமானி கேட்க ஒரு மாணவி பொறுப்பேற்றுள்ளார். எப்போதைக்குள் என்று சொல்லப்படவில்லை.

விடை வேண்டியவை
வாப்பா ஊரில் இல்லாதவர்களுக்கு அனுமதிக் கடிதத்தில் உம்மாவின் கையொப்பம் போதுமா? (இரண்டு தரம் கேட்கப்பட்டது. டீச்சர் சொல்லவேண்டும்.)
அதிபரின் அனுமதி கிடைத்ததா? (டீச்சர்)
தோணிப் பயணம் உண்டா? அனுமதி வந்தபின் பேசுவதாக டீச்சர் தள்ளிவைத்துள்ளார்.
பஸ் 12,000 ரூபாவுக்குப் பேசி முடிந்ததா? வருபவர் 20 பேரா 21 பேரா? அதுவரை ஆளுக்கு 600 என்பது உறுதியில்லை. (காசு சேர்ப்பவர்)
சாப்பாடு கொண்டுவர வேண்டுமா? திரும்பும் நேரம் எது? (டீச்சர்)

சுருக்கியவரின் கேள்வி
கல்லடியில் எந்தப் பாலத்தடி, எந்தக் கரை?

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் யார் பதில் சொல்லவேண்டும் என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். “யாராவது சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் என்ன வரும் என்பதைப் பூனை ஸ்டிக்கர் காட்டிவிட்டது.

இந்தத் தாளைக் குறூப்பில் போட்டபோது வியாழன் மஃரிப் நேரம். இஷாவுக்கு முன்னரே டீச்சர் அதன் கீழே பதில் எழுதிவிட்டார். அதிபர் அனுமதி தந்துவிட்டார். உம்மாவின் கையொப்பம் போதும், உம்மாவின் போன் நம்பரையும் எழுத வேண்டும். தோணி இந்தமுறை இல்லை. பழைய பாலம், கல்லடிப் பக்கக் கரை. லுஹருக்கு முன் திரும்பலாம், தண்ணீர்ப் போத்தலும் சிற்றுண்டியும் போதும். பத்து நிமிடத்தில் கடைசி வாங்கு மாணவி பெயர் போட்டாள். காசு சேர்ப்பவள் பஸ்ஸை உறுதிப்படுத்திவிட்டு 21 என்று திருத்தி, 12,000ஐ மறுபடி பிரித்தாள்: ஆளுக்கு 571 ரூபாவும் சில சதமும். சில்லறைத் தொல்லை வேண்டாமென்று 575 ஆக்கினாள். அப்போது 12,075 சேரும். மிச்சம் 75 ரூபாவை என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். அது அன்றிரவே விடை வேண்டியவற்றில் ஏறியது.